பஞ்சாப் பனியில் ஓடினால் மட்டும் ஏன் நெஞ்சு இறுகுகிறது?

*கேள்வி:* டாக்டர், எனக்கு 19 வயது. தூத்துக்குடிப் பக்கம் ஊர். 1500 மீட்டர் ஓடுகிறேன். ஊரில் ஓடும்போது மூச்சுப் பிரச்சினை இருந்ததே இல்லை. காலையில் அடுக்குத் தும்மல் மட்டும் சின்ன வயதிலிருந்து உண்டு. டிசம்பரில் பஞ்சாபில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போனேன். அங்கே காலைப் பனியில் வேகமாக ஓடி நின்றதும் இருமல் ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இறுகி, மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம் வரும். ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். அதற்குப் பிறகு ஓடும் இரண்டாவது செட் நன்றாகவே போகும். அதனால் கோச், 'முதல் செட்டில் நீ சோம்பல் படுகிறாய், ஸ்டாமினா போதாது' என்கிறார். ஊருக்கு வந்து நுரையீரல் டெஸ்ட் எடுத்தேன். 'நார்மல்' என்று சொல்லி இருமல் சிரப் கொடுத்தார்கள். அறைத் தோழி, பனி ஈரமான காற்று, வறட்சியால் வரும் வீசிங் அதில் எப்படி வரும் என்கிறாள். இன்ஹேலர் எடுத்தால் ஊக்கமருந்தில் மாட்டுவேன், பிறகு அது இல்லாமல் ஓடவே முடியாது என்றும் சொல்கிறார்கள். அம்மா ஓட்டத்தையே விடச் சொல்கிறார். பிப்ரவரி கடைசியில் மறுபடி வடக்கே போட்டி இருக்கிறது. இது ஆஸ்துமாவா? நுரையீரல் கெட்டுப்போகுமா? நான் ஓடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*பதில்:* அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவனிக்க வைத்தது இரண்டாவது செட் நன்றாகப் போகிறது என்ற விவரம். ஸ்டாமினா குறைவானவருக்கு முதல் செட்டை விட இரண்டாவது செட் மோசமாகத்தான் போகும். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. அத்துடன், தொந்தரவு ஓடும்போது இல்லாமல் நின்ற பிறகு ஏறுகிறது, ஒரு மணி நேரத்தில் இறங்குகிறது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், கடும் உழைப்பின்போது மூச்சுக்குழாய்கள் சுருங்கும் நிலைதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. கடிதத்தை வைத்து உறுதி செய்ய முடியாது, சோதனை வேண்டும். ஆனால் உங்களிடம் சோம்பல் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பனி ஈரம்தான், காற்று வறட்சிதான்

உங்கள் தோழியின் சந்தேகம் நியாயமானது. பனிமூட்டத்தில் முடி நனைகிறது, புல் நனைகிறது, வானிலை அறிக்கையும் ஈரப்பதம் 100 சதவீதம் என்கிறது. ஆனால் அந்தச் சதவீதம், அந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்க முடியுமோ அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் காட்டும். குளிர்ந்த காற்றால் தாங்க முடிவதே கொஞ்சம்தான். 5 டிகிரியில், முழுக்க நிறைந்த காற்றில்கூட லிட்டருக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் நீராவி மட்டுமே இருக்கும். தூத்துக்குடியில் 28 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு காலையில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் இருக்கும். காற்றில் மிதக்கும் பனித்துளிகள் இந்தக் கணக்கில் சேர்க்கும் அளவு மிகச் சிறியது.

நுரையீரலின் உள்ளறைகளுக்குப் போய்ச் சேரும் காற்று 37 டிகிரிக்குச் சூடாகி, லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியோடு இருந்தாக வேண்டும். வெளியிலிருந்து வரும் காற்றில் எவ்வளவு குறைகிறதோ, அதை உங்கள் மூச்சுப் பாதை தன் ஈரத்திலிருந்து கொடுக்கிறது. ஊரில் லிட்டருக்கு 24 மில்லிகிராம் கொடுத்தால் போதும். பஞ்சாபில் 37 மில்லிகிராம் கொடுக்க வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றுதான் உள்ளே போய் வருகிறது. அதை மூக்கே சமாளித்துவிடும். மூக்கின் வளைந்த, ரத்த ஓட்டம் மிகுந்த உட்சுவர் அந்த வேலைக்கானது. வேகமாக ஓடும்போது 100 லிட்டர் வரை போகலாம். நிமிடத்துக்கு 30, 40 லிட்டரைத் தாண்டியதும் மூக்கு மட்டும் போதாமல் வாயும் சேர்ந்துகொள்கிறது. சூடாக்கி ஈரமாக்கும் பொறுப்பு அப்போது தொண்டையையும் தாண்டி மூச்சுக்குழாய்களுக்குள்ளேயே இறங்குகிறது. நீங்கள் 5 நிமிடம் முழு வேகத்தில் ஓடுகிறீர்கள், 500 லிட்டர் காற்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அந்தக் காற்றுக்குச் சேர்க்க வேண்டிய நீர் 12 கிராம், பஞ்சாபில் 18 கிராமுக்கும் மேல். மூச்சை வெளியே விடும்போது ஒரு பங்கு திரும்பிச் சுவரில் படியும் என்பதால் நிகர இழப்பு இதைவிடக் குறைவு. ஆனாலும் ஊருக்கும் முகாமுக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. குளிரும் ஒரு பங்கு வகிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சூடான வறண்ட காற்றிலும், ஏசி போட்ட உள்ளரங்கத்திலும் இதே தொந்தரவு வருவதைப் பார்த்தால், நீரிழப்புதான் முதல் காரணம் என்பது புரியும். 22 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள ஏசி பேட்மின்டன் அரங்கக் காற்றில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம்கூட இருக்காது.

குழாய்க்குள் நடப்பது

மூச்சுக்குழாயின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஓடும்போது அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், பின்னாலிருந்து திசுக்கள் நிரப்பிக்கொண்டே இருக்கும். காற்று வறண்டு, வேகமும் கூடினால் நிரப்புவது பின்தங்கிவிடுகிறது. உங்கள் ஊர் உப்பளத்தைப் பார்த்தவருக்கு அடுத்த படியை விளக்கவே வேண்டாம். பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு போகாது, மிச்சத் தண்ணீரில் அது செறிவடையும். அதேபோலப் படலத்தின் உப்புச் செறிவு ஏறுகிறது. பக்கத்துச் செல்களிலிருந்து நீர் வெளியே இழுக்கப்பட்டு அவை சுருங்குகின்றன. அங்கே காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் இந்த மாற்றத்தை உணர்ந்து ஹிஸ்டமின், லியூகோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. குழாயைச் சுற்றியுள்ள மென்தசை இறுகுகிறது, சுவர் சற்று வீங்குகிறது, சளியும் சேர்கிறது. நீங்கள் கேட்ட விசில் சத்தம் இப்படிக் குறுகிப்போன குழாய் வழியாகக் காற்று வெளியேறும் சத்தம். ஆஸ்திரேலியாவில் சாண்ட்ரா ஆண்டர்சனும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகளாக ஆய்வு செய்து நிறுவிய விளக்கம் இது.

அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏன் இறுகவில்லை? ஓடும்போது ஒவ்வொரு ஆழமான மூச்சும் குழாயை இழுத்து விரித்துவிடுகிறது. உடலில் சுரக்கும் அட்ரினலினும் குழாயைத் திறந்து வைக்கிறது. நின்றதும் இந்த இரண்டு பாதுகாப்பும் விலகுகின்றன, வெளியேறிய வேதிப்பொருள்கள் மட்டும் மிஞ்சுகின்றன. அதனால்தான் பலருக்கு ஓட்டம் நின்று 5 முதல் 15 நிமிடத்துக்குள் தொந்தரவு உச்சத்துக்குப் போகிறது. அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தானாகவே விடுகிறது. நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு ஓட்டத்தின் நடுவிலேயே வருவதும் உண்டு.

இப்போது அந்த இரண்டாவது செட். இந்த நிலை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஒருமுறை குழாய் சுருங்கி விரிந்த பிறகு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் வரை அதே உழைப்புக்கு அந்த அளவு சுருங்குவதில்லை. உங்கள் கோச் பார்த்தது இந்த இடைவெளியைத்தான். அவர் கவனித்தது சரி, காரணம் வேறு. இதே இடைவெளியை நமக்குச் சாதகமாக்கவும் முடியும், கீழே சொல்கிறேன்.

'நார்மல்' ரிப்போர்ட் சொல்லாதது

ஊரில் எடுத்த சோதனை, ஓய்வாக உட்கார்ந்து குழாயில் ஊதும் ஸ்பைரோமெட்ரியாக இருக்கும். அது நார்மலாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. ஓடாதபோது உங்கள் குழாய்கள் திறந்துதான் இருக்கின்றன. அந்த ரிப்போர்ட்டை வைத்து நோய் இல்லை என்று சொல்லவும் முடியாது. எதிர்ப்பக்கமும் உண்மைதான்: அறிகுறியைக் கேட்டு மட்டும் நோய் இருக்கிறது என்று முடிவு செய்து இன்ஹேலர் எழுதிக் கொடுப்பதிலும் தவறு அடிக்கடி நேர்கிறது. விளையாட்டு வீரர்களில் அறிகுறிக்கும் அளவீட்டுக்கும் பொருத்தம் குறைவு.

தேவைப்படுவது, ஓட வைத்துப் பிறகு அளக்கும் சோதனை. ட்ரெட்மில்லில் இரண்டு மூன்று நிமிடத்தில் இதயத் துடிப்பை உச்ச அளவின் 80 முதல் 90 சதவீதத்துக்கு ஏற்றி, அதே நிலையில் 4 முதல் 6 நிமிடம் ஓட வேண்டும். மூக்கில் கிளிப் போட்டு, சிலிண்டரிலிருந்து வரும் வறண்ட காற்றை வாயால் இழுக்க வைப்பார்கள். நின்றபின் 5, 10, 15, 30 நிமிடங்களில் ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை வெளியேற்றுகிறீர்கள் என்பதுதான் பார்க்கும் அளவு. ஓய்விலிருந்த அளவைவிட அது 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் சோதனை நேர்மறை. ஓர் உதாரணம்: ஓடுவதற்கு முன் 3 லிட்டர். ஓடி முடித்து ஐந்தாம் நிமிடம் 2.7, பத்தாம் நிமிடம் 2.5, முப்பதாம் நிமிடம் 2.8. மிகக் குறைந்த அளவான 2.5ஐ எடுத்தால் வீழ்ச்சி ஏறக்குறைய 17 சதவீதம். 25 சதவீதத்துக்கும் கீழே என்பதால் இதை லேசான வகை என்போம். ஆனால் 1500 மீட்டரில் சில நொடிகளுக்காக உழைக்கிறவருக்கு இது லேசாகத் தெரியாது.

இங்கே ஒரு சிக்கல். நம் கடலோர ஊரில், ஜன்னல் திறந்த அறையில், சாதாரணக் காற்றை இழுத்து ட்ரெட்மில்லில் ஓடினால், ஈரமான காற்று உங்களைக் காப்பாற்றிவிடும். சோதனையும் பொய்யாக 'நார்மல்' என்று வந்துவிடும். ஆகவே வறண்ட காற்றில் செய்வார்களா என்று முன்பே கேளுங்கள். சில இடங்களில் ஓட வைக்காமல், 5 சதவீதக் கரியமில வாயு கலந்த வறண்ட காற்றை 6 நிமிடம் வேகமாக இழுத்து விடச் சொல்லும் சோதனை உண்டு. ஒலிம்பிக் மருத்துவத்தில் மதிப்புள்ள சோதனை அது. இரண்டுக்கும் வழியில்லையென்றால் கையடக்க ஸ்பைரோமீட்டரை மைதானத்துக்கே கொண்டுபோய், உங்கள் வழக்கமான கடும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அளக்கலாம். சோதனை நாளில் அதற்கு முன் ஓடக் கூடாது (அந்த இடைவெளிப் பாதுகாப்பு வந்து முடிவைக் கெடுத்துவிடும்), காபி, டீ வேண்டாம். சால்பியூட்டமால் இன்ஹேலர் எடுப்பவராக இருந்தால் 8 மணி நேரம் நிறுத்தியிருக்க வேண்டும்.

வேறொன்றாகவும் இருக்கலாம்

உங்கள் வயதில் ஓடும் பெண்களிடம் இன்னொரு நிலையை அடிக்கடி பார்க்கிறேன். கடும் உழைப்பில் குரல்வளை, விரிவதற்குப் பதிலாகக் குறுகிவிடும். அதில் இறுக்கம் நெஞ்சில் இல்லாமல் தொண்டையில் தெரியும். சத்தம் மூச்சை *உள்ளே இழுக்கும்போது* வரும். ஓட்டத்தின் உச்சத்தில் வந்து, நின்ற சில நிமிடங்களில் போய்விடும். இன்ஹேலர் அதற்கு உதவாது, மூச்சுப் பயிற்சியும் பேச்சு சிகிச்சையாளரும்தான் உதவுவார்கள். உங்களுக்குச் சத்தம் வெளியே விடும்போது வருகிறது, நின்றபின் ஏறுகிறது, எனவே அது என் முதல் சந்தேகம் இல்லை. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு என்பதால், இன்ஹேலர் சரியாக எடுத்தும் பலனில்லையென்றால் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். ஓடும்போதே குரல்வளையைக் கேமராவால் பார்க்கும் சோதனை இருக்கிறது. கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். தூரம் ஓடும் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு சாதாரணம், அதுவும் மூச்சு வாங்க வைக்கும்.

ஓடும்போது மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, துடிப்பு தாறுமாறாக ஓடினாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள்.

இது ஆஸ்துமாவா, நுரையீரல் கெடுமா?

ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு உழைப்பில் குழாய் சுருங்கும். ஆனால் உழைப்பில் சுருங்குகிற எல்லோருக்கும் ஆஸ்துமா இருக்காது. ஓடாத நாட்களில் இரவு இருமல், தூசியில் வீசிங், சளி பிடித்தால் வாரக்கணக்கில் இழுப்பு, இவை இருந்தால் ஆஸ்துமா பக்கம் சாயும். உங்களிடம் இருப்பது காலைத் தும்மல். அது ஒவ்வாமை மூக்கின் அறிகுறி, இந்தச் சுருக்கத்தோடு சேர்ந்து வரும் பழக்கம் அதற்கு உண்டு. மூக்கு அடைத்திருந்தால் வாய் வழியாக இன்னும் அதிக வறண்ட காற்று போகும் என்பதால், மூக்குக்கான சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒவ்வொரு முறை சுருங்குவதும் முழுதாக விரிந்துவிடுகிறது, அதனால் நிரந்தரக் கேடு இல்லை. ஆனால் வருடக்கணக்காக, வாரத்துக்குப் பல நாள், மிக வறண்ட குளிர்காற்றைப் பெரிய அளவில் இழுப்பது உட்சுவரைப் புண்ணாக்குகிறது. குளிர்நாட்டுப் பனிச்சறுக்கு வீரர்களிடம் இந்தச் சுருக்கம் அதிகமாக இருப்பதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறோம். பஞ்சாபின் குளிர்காலப் பனியில் புகையும் நுண்தூசியும் கலந்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தை விடச் சொல்ல இது காரணம் ஆகாது. அடைத்த நெஞ்சோடு பல்லைக் கடித்துக்கொண்டு ஓடக் கூடாது என்பதற்குக் காரணம் ஆகும். ஒலிம்பிக் வீரர்களிடம் அதிகமாகக் காணப்படும் நாட்பட்ட நோயே ஆஸ்துமாதான். 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி உலக சாதனை செய்த பவுலா ராட்கிளிஃப்புக்கு உழைப்பில் வரும் ஆஸ்துமா உண்டு. இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஓடுவதற்கு முன்

மருந்துக்கு முன் செய்ய வேண்டியது வார்ம்-அப். சுற்றி இரண்டு ரவுண்ட் ஜாக் செய்து கை காலை நீட்டினால் இந்த நிலைக்குப் போதாது. 10 நிமிடம் மெதுவாக ஓடி, பிறகு 30 நொடி வேக ஓட்டம், ஒரு நிமிட நடை என்று ஆறு முதல் எட்டு முறை. உங்கள் இரண்டாவது செட்டைக் காக்கும் அந்த இடைவெளியை, பெரிய தொந்தரவு இல்லாமல் முன்கூட்டியே வரவழைப்பதுதான் நோக்கம். போட்டிக்குக் கால் மணி நேரம் முன்னால் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் இது பலன் தராது, ஆனால் இரண்டாவது செட் நன்றாகப் போகும் உங்களுக்குத் தரும் வாய்ப்பு அதிகம்.

அந்த நேரம் முழுக்க மூக்கையும் வாயையும் மூடி ஒரு துணிக்குழாயோ மஃப்ளரோ போடுங்கள். வெளியே போகும் மூச்சின் ஈரமும் சூடும் துணியில் தங்கி, அடுத்த மூச்சோடு உள்ளே திரும்பும். முழு வேகப் போட்டியில் அதைக் கழற்றத்தான் வேண்டும், பயிற்சியில் முடிந்தவரை வைத்திருக்கலாம். முடித்ததும் சட்டென்று நின்று குளிரில் உட்காராமல், மூடிக்கொண்டே ஐந்து நிமிடம் ஜாக் செய்யுங்கள். பனியும் புகையும் கவிந்த நாளில் கடும் ஓட்டத்தை வெயில் ஏறிய பிறகு வைக்கக் கேளுங்கள். 'மூக்கால் மட்டும் மூச்சு விடு' என்ற அறிவுரை மெதுவான ஓட்டத்துக்குப் பொருந்தும், 1500 மீட்டரின் கடைசிச் சுற்றுக்குப் பொருந்தாது.

சோதனையில் உறுதியானால் மருந்து. ஓட்டத்துக்கு 10, 15 நிமிடம் முன் சால்பியூட்டமால் இரண்டு பஃப், இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் வழியாக எடுத்தால், இரண்டு முதல் நான்கு மணி நேரம் காக்கும். இது அடிமையாக்கும் மருந்து அல்ல. ஆனால் உங்கள் காதில் விழுந்த பயத்தில் ஓர் உண்மைத் துணுக்கு இருக்கிறது: தினமும் எடுத்தால் அதன் காக்கும் சக்தி குறைகிறது. ஆகவே வாரத்தில் பெரும்பாலான நாட்கள் தேவைப்படும் என்றால் அதை மட்டும் நம்பக் கூடாது. உட்சுவரின் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் தினமும் வேண்டும், அல்லது பியூடெசொனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரை ஓட்டத்துக்கு முன் எடுக்கும் முறை. ஆஸ்துமாவும் இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது முறை இன்று அதிகம் பரிந்துரைக்கப்படுகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலரின் முழுப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். போட்டிக்கு முந்தின நாள் ஆரம்பித்துப் பயனில்லை.

அந்த இருமல் சிரப்பை எடுத்துப் பாருங்கள்

ஊக்கமருந்து பற்றிய உங்கள் பயம் தேவையானதுதான், ஆனால் தவறான பொருளைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விதிப்படி, *இன்ஹேலரில்* எடுக்கும் சால்பியூட்டமாலுக்கு ஓர் அளவு வரை தடை இல்லை: 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். நீங்கள் எடுக்கப்போவது இரண்டு. ஃபார்மோடெரால் இன்ஹேலருக்கு 24 மணி நேரத்தில் 54 மைக்ரோகிராம் வரை அனுமதி, ஸ்டீராய்டு இன்ஹேலரும் வழக்கமான அளவில் அனுமதிக்கப்பட்டதே. இந்த அளவுகளில் அது ஆரோக்கியமானவரை வேகமாக ஓட வைப்பதும் இல்லை.

ஆபத்து சிரப்பில் இருக்கலாம். நம் நாட்டில் விற்கும் இருமல் சிரப்களில் பலவற்றில் டெர்பியூட்டலின் இருக்கிறது. எல்லா நேரமும் தடைசெய்யப்பட்ட மருந்து அது. சால்பியூட்டமால் கலந்த சிரப்பும் மாத்திரையும்கூட, வாய்வழி என்பதால் தடைதான். மருந்து நல்லதா கெட்டதா என்று விதி கேட்பதில்லை, எந்த வழியாக, எவ்வளவு என்று கேட்கிறது. பாட்டிலைத் திருப்பி உட்பொருள்களைப் படியுங்கள், இந்தப் பெயர்கள் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுத்தவரிடம் நீங்கள் போட்டிகளில் ஓடுபவர் என்று சொல்லுங்கள். வீசிங்குக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோன் மாத்திரை, போட்டிக் காலத்தில் தடை. நெபுலைசரில் ஒரு முறைக்கு ஊற்றும் சால்பியூட்டமாலே பொதுவாக 2500 மைக்ரோகிராம், அனுமதித்த அளவுக்கு மேல். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: மூச்சுத் திணறி முழு வாக்கியம் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலமானாலோ, இன்ஹேலருக்கு அடங்காவிட்டாலோ நெபுலைசரையும் ஸ்டீராய்டையும் மறுக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைச் சீட்டை வைத்து, சிகிச்சைக்கான விலக்கு அனுமதியை அவசரத்துக்குப் பிறகும் கேட்க விதியில் இடம் இருக்கிறது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் முதலாவதாக வந்த அமெரிக்காவின் ரிக் டிமாண்டுக்கு அப்போது 16 வயது. ஆஸ்துமாவுக்கு அவர் எடுத்த மாத்திரையில் எபிட்ரின் இருந்ததால் தங்கம் பறிபோனது. தன் மருந்தைப் படிவத்தில் அவர் குறிப்பிட்டிருந்தார், அணியின் பொறுப்பாளர்கள் அதைச் சரிபார்த்து ஒலிம்பிக் அதிகாரிகளிடம் தெளிவுபடுத்தவில்லை. எனவே அணி மேலாளர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், எடுக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் நீங்களே தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோதனைக்கு அழைத்தால் படிவத்தில் இன்ஹேலரையும் எழுதுங்கள்.

பிப்ரவரி கடைசிக்கு நாள் அதிகம் இல்லை. ஸ்டீராய்டு இன்ஹேலர் தேவைப்பட்டால் அதற்கே நான்கு வாரம் வேண்டும், ஆகவே சோதனையை இந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலோ சென்னையிலோ நுரையீரல் மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் பேசி, வறண்ட காற்று கொடுத்துச் செய்யும் ஓட்டச் சோதனை உண்டா என்று முதலில் கேளுங்கள். முடிவு வந்ததும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் உள்ள தாளின் ஒரு நகலைக் கோச்சிடம் கொடுத்து, உங்கள் வார்ம்-அப் மற்றவர்களுடையதை விட 15 நிமிடம் முன்னதாகத் தொடங்க அனுமதி கேளுங்கள்.